கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து தெளிவது ஏன்?
நாற்பதைக் கடந்த கிட்டப்பார்வையினருக்கு இருகுவியக் கண்ணாடி பற்றிய விளக்கம்

வங்கிக் கிளைகளில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஐம்பது வயதை ஒட்டிய வாடிக்கையாளர் ஒருவர் வைப்புத்தொகைப் படிவத்தைப் பெற்றுக்கொள்கிறார். அதில் உள்ள சிறிய எழுத்துகளை வாசிக்கத் தொடங்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்கிறார். படிவத்தை முகத்தருகே கொண்டு வந்து தெளிவாக வாசிக்கிறார். அருகில் நிற்பவரோ கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவுகிறார்; கண்ணாடி அணியாமல் அவரால் ஒரு வரியும் வாசிக்க இயலாது. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒருவர் வாசிப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றுகிறார். மற்றவர் வாசிப்பதற்காகக் கண்ணாடியை அணிகிறார்.

முதலாமவரின் கண் நலமடைந்து வருகிறது என்று சிலர் எண்ணுகின்றனர். வயது ஏற ஏற வெள்ளெழுத்து வந்து கிட்டப்பார்வையைச் சரிசெய்துவிடும் என்னும் நம்பிக்கையும் பரவலாக உள்ளது. இரண்டும் பிழை. உண்மையில் நிகழ்வது ஓர் எளிய கூட்டல் கழித்தல் கணக்கு. அக்கணக்கை அறிந்துகொண்டால், நமக்கு இருகுவியக் கண்ணாடி, அதாவது கடைகளில் 'பைஃபோகல்' எனப்படுவது, தேவையா, தேவையெனில் எத்தகையது என்பதை நாமே பெருமளவு தெளிந்துகொள்ளலாம்.

கிட்டப்பார்வை என்பது என்ன?

நலமான கண்ணில், தொலைவிலிருந்து வரும் ஒளி விழியின் பின்புறத்திலுள்ள விழித்திரையின்மீது சரியாகக் குவிகிறது. கிட்டப்பார்வை உடையவரின் கண்ணில் அவ்வொளி விழித்திரைக்குச் சற்று முன்னதாகவே குவிந்துவிடுகிறது. பெரும்பாலும் விழிக்கோளம் சிறிது நீண்டிருப்பதே இதற்குக் காரணம். எனவே தொலைவிலுள்ள பேருந்தின் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிகிறது. பொருளை அருகே கொண்டுவரக் கொண்டுவர, ஒளி குவியும் இடம் பின்னோக்கி நகர்ந்து, ஒரு குறிப்பிட்ட தொலைவில் விழித்திரையைச் சென்றடைகிறது. அத்தொலைவில் உள்ள பொருள், கண் எந்த முயற்சியும் செய்யாத நிலையிலேயே தெளிவாகத் தெரியும். இதனைச் சேய்மைப் புள்ளி என்பர்.

இந்தத் தொலைவுக்கும் கண்ணாடியின் பவருக்கும் நேரான தொடர்பு உண்டு. பவரின் அலகு டயாப்டர். நூறைப் பவரால் வகுத்தால், சேய்மைப் புள்ளி எத்தனை சென்டிமீட்டரில் உள்ளது என்பது தெரியும். மைனஸ் 1 பவர் உடையவருக்கு அது 100 சென்டிமீட்டரில் அமையும், மைனஸ் 2.50 உடையவருக்கு 40 சென்டிமீட்டரில் அமையும். மைனஸ் 4 உடையவருக்கு 25 சென்டிமீட்டரில் அமையும். மைனஸ் 6 உடையவருக்கு 16 சென்டிமீட்டரைச் சிறிதே தாண்டி அமையும்.

நாம் பொதுவாக ஒரு நாளிதழையோ கணக்குப் புத்தகத்தையோ ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து வாசிக்கிறோம். ஆகவே மைனஸ் 2.50 பவர் உடையவருக்குக் கண்ணாடி இல்லாத கண்ணே வாசிப்பதற்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. இது வயதால் வந்த நலம் அன்று. இருபது வயதிலும் அவருக்கு அதே புள்ளி அங்கேதான் இருந்தது. அப்போது அதன் பயன் தெரியவில்லை; கண்ணாடியோடும் அவரால் நன்றாக வாசிக்க முடிந்ததே காரணம்.

நாற்பதில் மாறுவது எது?

இளமையில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சியுடையது. அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது உட்தசைகள் இயங்கி அவ்வில்லையைப் பருமனாக்குகின்றன. கண்ணின் பவர் தானாகவே உயர்கிறது. இதனைத் தகவமைப்பு என்பர். வயது ஏற ஏற வில்லை இறுகி, இத்திறன் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. நாற்பது வயதில் ஏறத்தாழ 5 டயாப்டராக இருப்பது, ஐம்பதில் ஏறத்தாழ 2.5 ஆகவும், அறுபதில் 1 அல்லது அதற்கும் கீழாகவும் சுருங்குகிறது. ஆளுக்கு ஆள் சற்று வேறுபாடு உண்டு.

40 சென்டிமீட்டரில் வாசிக்க 2.5 டயாப்டர் முயற்சி தேவை. அதேசமயம், இருக்கும் திறன் முழுவதையும் நெடுநேரம் செலவிட எந்தத் தசையாலும் இயலாது. ஏறத்தாழப் பாதியை மட்டுமே களைப்பின்றிப் பயன்படுத்தலாம். நாற்பது வயதில் ஐந்தில் பாதி இரண்டரை. தேவையும் இரண்டரை. அதாவது வரவும் செலவும் சரியாக ஒத்துப்போகும் கடைசி ஆண்டுகள் அவை. அதற்குப் பின் ஆண்டுதோறும் பற்றாக்குறை கூடுகிறது. நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் குறித்தது இந்தப் பற்றாக்குறையைத்தான். இது எவரையும் விடுவதில்லை. கிட்டப்பார்வை உடையவருக்கும் உரிய வயதில் வந்தே தீரும்.

வேறுபாடு எங்கே தோன்றுகிறது? கிட்டப்பார்வையினர் தொலைவுக்கான மைனஸ் கண்ணாடியை அணிந்தவுடன், அவரது கண் குறைபாடற்ற கண்ணைப் போல ஆகிவிடுகிறது. எனவே குறைபாடற்றவர்கள் வாசிக்கப்படும் அதே சிரமத்தை அவரும் கண்ணாடிக்குள்ளிருந்து படுகிறார். கண்ணாடியைக் கழற்றியவுடன், கழிக்கப்பட்டிருந்த பவர் அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. மைனஸ் 2.50 கண்ணாடியைக் கழற்றுவது, வாசிப்பதற்குப் பிளஸ் 2.50 கண்ணாடி ஒன்றை அணிவதற்குச் சமம். அறுபது வயதைக் கடந்தவருக்கும் வாசிக்கப் பொதுவாகத் தேவைப்படும் கூடுதல் பவர் 2.50-ஐ ஒட்டியதே. ஆகவேதான் இத்தகையோர் கண்ணாடியின்றி வாழ்நாள் முழுவதும் வாசிக்கின்றனர். வெள்ளெழுத்து அவர்களையும் தாக்கியிருக்கிறது. அதைச் சமாளிக்கும் தொகை அவர்கள் கணக்கில் முன்பே இருந்தது, அவ்வளவே.

கண்ணாடியைக் கழற்றாமல் மூக்கின் நுனிவரை இறக்கிவிட்டு வாசிப்போரையும் நாம் காண்கிறோம். இதற்கும் காரணம் உண்டு. மைனஸ் வில்லை கண்ணை விட்டு விலக விலக, அதன் பயனுறு பவர் குறைகிறது. மைனஸ் 6 கண்ணாடியை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேலாகக் கீழிறக்கினால், ஏறத்தாழ மூன்றில் ஒரு டயாப்டர் அளவுக்குப் பவர் குறையும். வெள்ளெழுத்தின் தொடக்க ஆண்டுகளில் அந்தச் சிறு அளவே வாசிப்பைக் காப்பாற்றிவிடும்.

யாருக்குப் போதும், யாருக்குப் போதாது?

கழற்றி வாசிக்கும் முறை எல்லாக் கிட்டப்பார்வையினருக்கும் ஒரே அளவில் பயன்படாது.

மைனஸ் 1 பவர் உடையவர் கண்ணாடியைக் கழற்றினால் 1 டயாப்டர் மட்டுமே வரவாகும். நாற்பத்தைந்து வயதில் அவருக்கு அது போதும். ஐம்பதைக் கடக்கும்போது தேவை 1.50 அல்லது அதற்கு மேல் ஆகிவிடும். பற்றாக்குறையை ஈடுசெய்ய அவர் தாளைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பார். பின்னர் அவருக்கும் வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும்.

மைனஸ் 2 முதல் 3 வரை உடையவர்கள் நல்வாய்ப்பினர். அவர்களது சேய்மைப் புள்ளி 50 சென்டிமீட்டருக்கும் 33 சென்டிமீட்டருக்கும் இடையே, வழக்கமான வாசிப்புத் தொலைவிலேயே அமைந்துவிடுகிறது.

மைனஸ் 4 உடையவர் 25 சென்டிமீட்டரில் வாசிக்க வேண்டும். மருந்துச் சீட்டையோ, காசோலையையோ சிறிது நேரம் பார்க்க அது ஏற்றதுதான். அதே தொலைவில் ஒரு மணி நேரம் நாவல் வாசித்தால், இரு கண்களும் மூக்கை நோக்கித் திரும்பியபடியே நிற்க வேண்டியிருப்பதால் கண் களைக்கும், கழுத்தும் வலிக்கும். மைனஸ் 6 உடையவர் 16 சென்டிமீட்டரில் வாசிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அவர் ஒரு கண்ணை மட்டும் பயன்படுத்தி வாசிக்கும் நிலை ஏற்படும். இவ்விரு வகையினருக்கும் இருகுவியக் கண்ணாடியோ, குறைந்த மைனஸில் தனியொரு வாசிப்புக் கண்ணாடியோ உண்மையான தேவையாகிறது.

பவர் பொருத்தமாக இருந்தும் கழற்றினால் எழுத்து தெளியாதவர்களும் உண்டு. மருந்துச் சீட்டில் 'சிலிண்டர்' என்னும் பகுதியில் ஒன்றோ அதற்கு மேலோ எண் இருந்தால், அவரது கண்ணில் ஒளி எல்லாத் திசைகளிலும் ஒரேபோலக் குவிவதில்லை. கண்ணாடியின்றி எந்தத் தொலைவில் வைத்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். இரு கண்களின் பவரும் பெரிதும் மாறுபட்டிருந்தாலும் இதே போன்ற நிலைதான். ஒரு கண் மைனஸ் 0.50, மறு கண் மைனஸ் 2.50 எனில், தாம் அறியாமலேயே முதற்கண்ணால் தொலைவையும் இரண்டாம் கண்ணால் அருகையும் பார்த்துப் பழகிவிட்டவர்கள் பலர்.

ஒரு கணக்கு: ஐம்பத்திரண்டு வயது, மைனஸ் 2.50

அரசுப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்கு வயது 52, இரு கண்களிலும் மைனஸ் 2.50, சிலிண்டர் இல்லை என்று கொள்வோம். பரிசோதித்த மருத்துவர், 'ஆட்' என்னும் இடத்தில் பிளஸ் 1.75 எழுதித் தருகிறார். 'ஆட்' என்பது தனிக் கண்ணாடி ஒன்றின் பவர் அன்று. தொலைவுப் பவருடன் கூட்ட வேண்டிய தொகை. மைனஸ் 2.50 உடன் பிளஸ் 1.75 கூட்டினால் மைனஸ் 0.75. இருகுவியக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி இந்தப் பவரில் அமையும்.

இப்போது அவருக்கு மூன்று நிலைகள் கிடைக்கின்றன. கண்ணாடியின் மேற்பகுதி வழியே கரும்பலகையும் கடைசி வரிசை மாணவரும் தெரிவர். கீழ்ப்பகுதி வழியே, ஏறத்தாழ 57 சென்டிமீட்டர் தொடங்கி, தம் சொந்தத் தகவமைப்பைச் சிறிது சேர்த்துக்கொண்டு 40 சென்டிமீட்டரிலும் அதற்குச் சற்று உள்ளேயும் தெளிவாக வாசிக்கலாம். கண்ணாடியை முற்றிலும் கழற்றினால் 40 சென்டிமீட்டரில் எம்முயற்சியும் இன்றி வாசிக்கலாம். அதற்கு அப்பால் மங்கும்.

இதிலிருந்து தெரிவது என்ன? வாசிக்கும் சுகம் ஒன்றை மட்டும் பார்த்தால், கண்ணாடியைக் கழற்றுவதே இவருக்கு மேல். இரவில் அரை மணி நேரம் வார இதழ் வாசிப்பதற்காக இவர் பைஃபோகல் வாங்கத் தேவையில்லை. ஆனால் வகுப்பறையில் நிலைமை வேறு. பாடப்புத்தகத்தைப் பார்த்த கணமே மாணவரைப் பார்க்க வேண்டும்; உடனே கரும்பலகையைப் பார்க்க வேண்டும். நாளுக்கு நூறு முறை கண்ணாடியைக் கழற்றி அணிய இயலாது. அங்கே இருகுவியக் கண்ணாடி உதவுகிறது. ஆக, நமது பவரைப் பார்த்து மட்டும் முடிவெடுத்தல் கூடாது. அருகிலும் தொலைவிலும் மாறி மாறிப் பார்க்கும் வேலை நமக்கு எவ்வளவு உண்டு என்பதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கடைக்காரர், நடத்துநர், ஆசிரியர், கூட்டங்களில் குறிப்பெடுப்பவர் ஆகியோருக்கு அது அதிகம். பணி ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்து வாசிப்பவருக்கு அது குறைவு.

இதே ஆசிரியைக்கு அறுபது வயதைக் கடந்தபின் 'ஆட்' பிளஸ் 2.50 ஆகக்கூடும். அப்போது மைனஸ் 2.50 உடன் பிளஸ் 2.50 கூட்டினால் விடை பூச்சியம். அதாவது அவரது பைஃபோகலின் கீழ்ப்பகுதி பவரே இல்லாத வெறும் கண்ணாடி! கண்ணாடியைக் கழற்றாமலே கழற்றிய பயனை அளிப்பதற்காக அவர் விலை தருகிறார். இதை அறிந்து தருவது வேறு. அறியாமல் தருவது வேறு.

கணினித் திரையைப் பற்றியும் ஒரு சொல். மேசைக் கணினியின் திரை 60 முதல் 70 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். மேற்சொன்ன ஆசிரியைக்குக் கண்ணாடியைக் கழற்றினால் திரை மங்கும். கீழ்ப்பகுதி வழியே பார்க்கவும் முகவாயை உயர்த்தி அருகே குனிய வேண்டும். நாள் முழுதும் கணினி முன் அமர்பவருக்கு, அத்தொலைவுக்கென்றே ஏறத்தாழ மைனஸ் 1 பவரில் எளிய ஒற்றைக் கண்ணாடி ஒன்று செய்துகொள்வது நலம். அதன் செலவும் குறைவு.

இருகுவியக் கண்ணாடி வாங்குவதானால்

இரு பவர்களை ஒரே சட்டத்தில் இணைக்கும் எண்ணம் பழையது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1785-இல் எழுதிய கடிதம் ஒன்றில், இருவகை வில்லைகளைப் பாதியாக வெட்டி ஒரே வட்டத்தில் பொருத்தி அணிவதைக் குறிப்பிட்டுள்ளார். இன்று நம் கடைகளில் மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன. கீழே வட்டமான சிறு பகுதி கொண்டது கிரிப்டாக். மேல்விளிம்பு நேர்கோடாகவும் கீழே வளைவாகவும் உள்ளது டி வடிவம். கண்ணாடியின் குறுக்கே முழுக்கோடு செல்வது எக்ஸிகியூட்டிவ். கிரிப்டாக்கின் கோடு வெளியே அதிகம் தெரியாது. விலையும் பொதுவாகக் குறைவு. ஆகவே பலர் அதனையே கேட்டு வாங்குகின்றனர். ஆயினும் கிட்டப்பார்வையினர் இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும்.

பார்வை மேற்பகுதியிலிருந்து கீழ்ப்பகுதிக்கு இறங்கும்போது, எழுத்து திடீரெனத் துள்ளுவதுபோலத் தோன்றும். கீழ்ப்பகுதி வில்லையின் ஒளிமையம் அதன் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே உள்ளதோ, அவ்வளவுக்கு இத்துள்ளல் மிகும். 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிரிப்டாக்கில் மையம் 11 மில்லிமீட்டர் கீழே இருக்கும். பரவலாக விற்கப்படும் டி வடிவத்தில் அது 5 மில்லிமீட்டர் அளவே. 'ஆட்' 1.75 உடைய நம் ஆசிரியைக்கு, 40 சென்டிமீட்டரில் உள்ள தாளில் கிரிப்டாக் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் துள்ளலைத் தரும். அது இரண்டு வரிகளுக்கு நிகர். டி வடிவமோ ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் துள்ளலையே தரும். எக்ஸிகியூட்டிவில் துள்ளல் இல்லை. ஆனால் கண்ணாடி கனமாகும்.

மேலும் ஒன்று. மைனஸ் கண்ணாடியின் கீழ்ப்பாகம் வழியே பார்க்கும்போது, பொருள் உள்ள இடத்தைவிட மேலே இருப்பதாகத் தோன்றும். கிரிப்டாக்கின் கீழ்ப்பகுதியும் பொருளை மேலேயே தள்ளுகிறது; இரண்டும் ஒரே திசையில் கூடிவிடுகின்றன. டி வடிவத்தில் மையம் மேலே இருப்பதால் அக்கூடுதல் நேர்வதில்லை. கண் இன்னும் கீழே இறங்கினால் எதிர்த்திசையில் இழுத்து ஓரளவு ஈடுசெய்யவும் செய்கிறது. எனவே மைனஸ் பவர் உடையவருக்கு டி வடிவமே பொதுவாக ஏற்றது. பிளஸ் பவர் உடைய நண்பர் கிரிப்டாக்கைப் புகழ்ந்தால், அது அவர் கண்ணுக்குப் பொருந்தியது என்று கொள்ள வேண்டும்; நமக்கும் பொருந்தும் என்பது உறுதியன்று.

கீழ்ப்பகுதியின் மேல்விளிம்பு எந்த உயரத்தில் அமைகிறது என்பதும் முக்கியம். நாம் நேராகப் பார்க்கும்போது அது கீழிமையின் விளிம்பை ஒட்டி இருப்பது வழக்கம். இதனை அளக்க, தேர்ந்தெடுத்த சட்டத்தை நம் முகத்தில் அணிவித்து, எதிரே சம உயரத்தில் அமர்ந்து குறியிட வேண்டும். அவ்வாறு குறியிடாமல் பவரை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிடும் கடையில், கண்ணாடி வந்தபின் நேராக நடக்கும்போதே கோடு குறுக்கிடுவதும், வாசிக்கத் தலையை மிகவும் அண்ணாந்துகொள்ள நேர்வதும் உண்டு. முன்னது விளிம்பு உயர்ந்ததற்கு அடையாளம்; பின்னது தாழ்ந்ததற்கு அடையாளம்.

கோடே தெரியாத, பவர் படிப்படியாக மாறும் 'புரோகிரெசிவ்' கண்ணாடிகளும் உள்ளன. கணினித் தொலைவும் அவற்றில் கிடைக்கும் என்பது நன்மை. நடுவிலுள்ள குறுகிய பாதை வழியாகவே தெளிவு கிடைக்கும், பக்கங்களில் உருவம் கோணும் என்பது குறை. விலையும் அதிகம். கண்ணாடியைக் கழற்றினால் சுகமாக வாசிக்கும் மைனஸ் 2.50 உடையவர், இத்தொகையைச் செலவிடுமுன் தம் அன்றாட வேலைக்கு அது உண்மையில் தேவைதானா என்று கணக்கிடுதல் நன்று.

எவ்வகை இருகுவியக் கண்ணாடி ஆயினும், படிக்கட்டில் இறங்கும்போது கவனம் தேவை. நம் பாதம் கண்ணிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவுக்குக் கீழே உள்ளது. கீழ்ப்பகுதியோ அரை மீட்டருக்கு உட்பட்டதற்கானது. எனவே படியின் விளிம்பு மங்கித் தெரியும். முகவாயைத் தாழ்த்தி, மேற்பகுதி வழியே படியைப் பார்த்து இறங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும். முன்பே தடுமாற்றம் உள்ள முதியோருக்கு, நடமாடத் தொலைவுக் கண்ணாடி ஒன்றும், அமர்ந்து வாசிக்க வெறுங்கண்ணுமே பாதுகாப்பான ஏற்பாடு.

வீட்டிலேயே செய்யக்கூடிய அளவு

நமது கணக்கை நாமே தோராயமாகச் சரிபார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, நாளிதழின் சிறிய எழுத்தை அருகில் பிடிக்க வேண்டும். பின்னர் மெதுவாகத் தாளை விலக்கிச் சென்று, எழுத்தின் கூர்மை குறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள்வரை உள்ள தொலைவை வேறொருவரைக் கொண்டு அளவுநாடாவால் அளக்க வேண்டும். மறு கண்ணுக்கும் அவ்வாறே. இரு அளவுகளும் 33 முதல் 50 சென்டிமீட்டருக்குள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால், கழற்றி வாசித்தல் நமக்கு நெடுங்காலம் உதவும். 25 சென்டிமீட்டருக்கும் குறைவெனில் வாசிப்புக்கான ஏற்பாடு தேவை. எந்தத் தொலைவிலும் எழுத்து கூர்மையடையவில்லை எனில், சிலிண்டரோ வேறு காரணமோ இருக்கலாம். இவ்வளவு மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாகாது. மருத்துவர் கூறுவதைப் புரிந்துகொள்ள உதவும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, இளமைமுதல் உள்ள கிட்டப்பார்வையால் கண்ணாடியின்றி வாசிப்பது இயல்பு. ஆனால் அறுபதை ஒட்டிய வயதில், அதுவரை வாசிப்புக் கண்ணாடி அணிந்தவர் திடீரெனக் கண்ணாடியின்றி வாசிக்கத் தொடங்கினால் மகிழ்ந்திருத்தல் கூடாது. கண்புரை முற்றத் தொடங்கும்போது வில்லையின் பவர் கூடி, புதிதாகக் கிட்டப்பார்வை தோன்றுவது உண்டு. தொலைவுப் பார்வை அப்போது மங்கிவரும். சர்க்கரை நோய் உடையவருக்கு இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போதும் பவர் தற்காலிகமாக மாறும். அவ்வேளையில் புதுக் கண்ணாடி வாங்கினால் சில வாரங்களில் அது பயனற்றதாகிவிடும். சர்க்கரை நிலைப்பட்ட பின்னரே அளவெடுத்தல் முறை.

இரண்டாவது, நாற்பதைக் கடந்தபின் கண்ணாடியைக் கைவிட்டுத் தொடுவில்லைக்கு மாறுவோரும், லேசர் சிகிச்சை செய்துகொள்வோரும் ஒன்றை முன்னதாக அறிதல் வேண்டும். தொலைவுப் பார்வை முழுமையாகச் சரிசெய்யப்படும்போது, கழற்றி வாசிக்கும் வசதி போய்விடும். அதுவரை வாசிப்புக் கண்ணாடியே அறியாதவர், மறுநாள் முதல் அதைத் தேட நேரும்.

மூன்றாவது, கண்புரை அறுவைச் சிகிச்சை. அப்போது பொருத்தப்படும் செயற்கை வில்லையின் பவரை மருத்துவர் கணக்கிட்டுத் தேர்கிறார். பொதுவாகத் தொலைவு தெளியும்படியே தேர்வு அமையும். வாழ்நாள் முழுவதும் வெறுங்கண்ணால் வாசித்தவர், தமக்குத் தொலைவு வேண்டுமா, வாசிப்பு வேண்டுமா என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறிதளவு மைனஸை அப்படியே விட்டுவைக்கவும் இயலும். அறுவை முடிந்தபின் இவ்விருப்பத்தை நிறைவேற்றுவது எளிதன்று.

கடைக்குச் செல்லுமுன், மருந்துச் சீட்டில் தொலைவுப் பவர், சிலிண்டர், 'ஆட்' ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைவுப் பவருடன் 'ஆட்' எண்ணை நாமே கூட்டிப் பார்க்க வேண்டும். விடை பூச்சியத்தை ஒட்டி வந்தால், நம் வாசிப்புக் கண்ணாடி நம்மிடமே இருக்கிறது என்று பொருள். அதன்பின் இருகுவியக் கண்ணாடி வாங்குவதும் வாங்காததும் நம் அன்றாட வேலையின் தன்மையைப் பொறுத்தது.